ஓடுகிறவருக்கு மொழிபெயர்த்தல்

நம் தமிழ்ச் சங்கத்தில் மொழிபெயர்ப்பு என்று பேச்சு எழுந்தால், கவிதையை மொழிபெயர்க்க முடியுமா முடியாதா என்ற வழக்கிலேயே மாலைப்பொழுது கழிந்துவிடும். அந்த வழக்கில் நானும் பலமுறை வாதாடியிருக்கிறேன். ஆனால் நான் மொழிபெயர்த்தவற்றுள் மிகக் கடினமானது கவிதையன்று. ஒரு கதவில் ஒட்டியிருந்த நான்கே எழுத்துகள். அதில் நான் செய்த பிழையால் என் அத்தை பதினொரு நிமிடம் ஒரு மூடிய கதவின் முன் நின்றார். அவருக்கோ அன்று பதினொரு நிமிடம் என்பது சிறிய தொகையன்று.

சென்ற வைகாசியில் நடந்தது இது. அத்தையின் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அவளுக்கு முதற்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. அத்தை மதுரையிலிருந்து டில்லிக்கு வந்து, இங்கிருந்து தென்சீனத்திலுள்ள ஒரு பெருநகரின் வழியாகப் போவதென்று ஏற்பாடு. அந்த நகரத்தில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறவேண்டும். இடையில் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. ஆனால் டில்லியிலேயே விமானம் ஒரு மணி நேரம் பிந்திப் புறப்பட்டது. ஆகவே இருந்தது ஒன்றே முக்கால் மணி. அந்த விமானத்தை விட்டால் அடுத்தது மறுநாள்தான்.

அத்தைக்கு ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும்; எண்கள் தெரியும்; யாரிடமும் அஞ்சாமல் பேசத் தெரியும். கைப்பேசியில் படம் எடுக்கவும் அதை அனுப்பவும் பழகியிருந்தார், மற்றெதுவும் பழகவில்லை. நான் இங்கே சீனமொழியை இரண்டாம் ஆண்டாகப் படிப்பவன். "எதைப் பார்த்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள், அத்தை. நான் விழித்திருப்பேன்" என்று பெருமையோடு சொல்லி அனுப்பினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். சீனத்துப் பெரிய விமான நிலையங்களில் நிலையாக மாட்டியுள்ள பலகைகளில் சீனத்தின் கீழே ஆங்கிலமும் இருக்கும். ஆகையால் சீனமொழி தெரியாதவர் யாரும் அங்கே தொலைந்துபோவதில்லை. தொல்லை தருபவை வேறு. ஒன்று, அவசரத்தில் பாதி மட்டும் படத்தில் விழுந்த பலகை. இரண்டு, ஊழியர்களுக்கென்று எழுதப்பட்ட கதவு. மூன்று, அன்று காலையில் அச்சிட்டு வாயிலருகே நிறுத்திவைத்த காகித அறிவிப்பு. நான்கு, சற்று நேரம் சீனமும் சற்று நேரம் ஆங்கிலமுமாக மாறி மாறிக் காட்டும் மின்பலகை. இந்நான்கும் அன்று வரிசையாக வந்தன.

அதற்குமுன் நேரத்தைப் பற்றி ஒரு சொல். சீனம் முழுவதற்கும் ஒரே நேரம். அது நம் நேரத்துக்கு 2 மணி 30 நிமிடம் முந்தியது. அத்தை அங்கே இறங்கியது காலை 7.20, என் விடுதி அறையில் அப்போது 4.50. அத்தை அனுப்பும் படத்தின் அடியில் என் கைப்பேசி என் நேரத்தைத்தான் காட்டும். படத்துக்குள் இருக்கும் பலகையோ அந்நாட்டு நேரத்தைக் காட்டும். ஒரே திரையில் இரண்டு கடிகாரங்கள்! தூக்கக் கலக்கத்தில் ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் இரண்டரை மணி நேரம் கையிலிருப்பதுபோல் தோன்றும். ஆகவே ஒரு தாளில் இரண்டு நேரங்களையும் பக்கம்பக்கமாக எழுதிவைத்துக்கொண்டேன். இக்கட்டுரையில் இனி வருவன எல்லாம் சீன நேரமே.

அத்தையின் போர்டிங் பாஸைப் புறப்படுமுன்பே படம் எடுத்து வைத்திருந்தேன். விமானம் புறப்படுவது 9.05 என்று பெரிய எழுத்தில் இருந்தது. பயணியின் கண் அதிலேதான் போய் நிற்கும். ஆனால் அடியில் பொடி எழுத்தில் ஒரு சீன வரி: "ச்சீ ஃபெய் ச்சியென் 15 நிமிடம்" வாயில் மூடப்படும் என்பது. "ச்சீ ஃபெய்" என்றால் எழுந்து பறத்தல். "ச்சியென்" என்றால் முன். பறப்பதற்கு முன் 15 நிமிடம் என்பது பொருள். ஆகவே நமக்குரிய நேரம் 9.05 அன்று, 8.50. இதைத்தான் அத்தைக்கு முதற்செய்தியாக அனுப்பினேன்: "8.50-க்கு வாயில் மூடிவிடும். 9.05 என்பதை மறந்துவிடுங்கள்."

7.44-க்கு முதற்படம் வந்தது. தலைக்குமேல் தொங்கும் பலகை. ஓடிக்கொண்டே எடுத்ததால் கீழ்ப்பாதி, அதாவது ஆங்கிலம் இருந்த பாதி, படத்தில் இல்லை. சீனத்தில் இரண்டு தொடர்கள் இருந்தன. இடப்பக்கம் "குவோ ஜி ஜுவான் குவோ நெய்". வலப்பக்கம் "குவோ ஜி ஜுவான் குவோ ஜி".

இவற்றுள் "குவோ" என்பது நாடு. "குவோ ஜி" என்றால் நாடுகளுக்கிடையே, அதாவது பன்னாட்டு. "குவோ நெய்" என்றால் நாட்டுக்குள். "ஜுவான்" என்றால் திரும்புதல், மாறுதல். ஆகவே முதல் தொடர், வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறுவோர்க்கு. இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வந்து வெளிநாட்டுக்கே மாறுவோர்க்கு. ஐந்து எழுத்துகளில் முதல் நான்கும் இரண்டிலும் ஒன்றே. கடைசி எழுத்து ஒன்றுதான் வழியைப் பிரிக்கிறது. வந்த திசை முதலில், போகும் திசை பின்னால். அவசரத்தில் படிப்பவன் "பன்னாட்டு மாற்றம்" என்ற அளவோடு நின்றுவிட்டால், எந்தப் பக்கம் போனாலும் சரியென்றே தோன்றும். உள்நாட்டு வழியிலே போய்விட்டாலோ, அந்நாட்டுக்குள் நுழைவோருக்குரிய வரிசையில் நின்று, திரும்பி வரவேண்டியதாகும்.

அந்தக் கடைசி எழுத்தைச் சீனம் தெரியாதவரும் கண்டுகொள்ளலாம். "நெய்" என்ற எழுத்து, கூரையும் இரு சுவர்களும் உள்ள ஒரு கூடு போலிருக்கும். அதனுள்ளே ஒரு மனிதன் கால்களை விரித்து நிற்பதுபோல் இரண்டு கோடுகள். உள்ளே என்ற பொருளுக்கு உருவமே சாட்சி! "ஜி" என்பதோ இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். "வலப்பக்கம் போங்கள்" என்று இரண்டே சொல் அனுப்பினேன். விளக்கம் ஏதும் எழுதவில்லை. இந்த மட்டில் நான் நல்ல மாணவன்.

7.52-க்கு இரண்டாம் படம். வெண்மையான இரட்டைக் கதவு. அதன்மேல் சிவப்பில் நான்கு எழுத்துகள்: "ல்யூ கெ ஜி பூ." வேறெதுவும் படத்தில் இல்லை. "ல்யூ கெ" என்றால் பயணி. "ஜி" என்றால் நிறுத்து. "பூ" என்றால் காலடி. எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். உடனே அனுப்பினேன்: "பயணிகள் நிற்கவும் என்று போட்டிருக்கிறது, அத்தை."

அத்தை நின்றார். நான் தேநீர் போட எழுந்தேன்.

8.03-க்கு அவரே கூப்பிட்டார். "ராசா, நிற்கச் சொன்னாயே, நின்றுகொண்டே இருக்கிறேன். ஒருவரும் வந்து திறக்கவில்லையே! என்னோடு இறங்கிய கூட்டமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஜி பூ" என்றால் அடியை நிறுத்து. அதாவது இதற்குமேல் அடி வைக்காதே. அந்தப் பலகை யாரையும் அங்கே காத்திருக்கச் சொல்லவில்லை. அப்பாலே போகச் சொல்கிறது. நம் ஊர்க் கதவில் "அந்நியர் உள்ளே வரக்கூடாது" என்று எழுதுவோமே, அதே அறிவிப்பு. அது ஊழியர்கள் போய்வரும் கதவு. நான் எழுதியதில் ஒரு சொல்லும் பொருள் பிசகவில்லை. ஆயினும் மொத்தமும் பிழை. "பயணிகள் நிற்கவும்" என்று தமிழில் ஒரு பலகை இருந்தால், அது நிற்கவேண்டிய இடத்தைக் காட்டும். "ல்யூ கெ ஜி பூ" என்பதோ நிற்கக்கூடாத இடத்தைக் காட்டுகிறது. ஒன்று காத்திரு என்கிறது. மற்றது திரும்பிப் போ என்கிறது. கால்களைப் பொறுத்தமட்டில் இவை நேர் எதிர்.

இந்தப் பிழை எங்கே தோன்றியது? அகராதியில் அன்று. பலகையில் எழுதப்படும் மொழி எப்போதும் பாதி மொழிதான். யாருக்குச் சொல்கிறது, எந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறது என்பவற்றைப் பலகை எழுதுவதில்லை; அது மாட்டியிருக்கும் இடமே அவற்றைச் சொல்லிவிடும். "தள்ளு" என்பது கதவில் இருந்தால்தான் பொருள்படும்; மேசைமேல் இருந்தால் பொருளில்லை. நேரிலே நிற்பவருக்கு இடம் தெரியும், மொழி தெரியாது. எனக்கு மொழி தெரியும், இடம் தெரியாது. படத்தில் எழுத்து மட்டும் வந்து இடம் வராதபோது, பாதிச் செய்தியை முழுச் செய்தியாக எண்ணி மொழிபெயர்த்துவிட்டேன். அப்போது நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று: "இது எதன்மேல் ஒட்டியிருக்கிறது? பக்கத்தில் என்ன இருக்கிறது?"

காலங்கடந்தாவது கேட்டேன். "அத்தை, நான்கு அடி பின்னால் போய், கதவும் இரண்டு பக்கச் சுவரும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள்" என்றேன். வந்த படத்தில் விடை தெளிவாக இருந்தது. கதவுக்கு இடப்புறம் நடைபாதை திரும்புகிறது. அங்கே ஓர் அம்புக்குறியும் "ஜோங் ஜுவான்" என்ற எழுத்துகளும். அதாவது இடைமாற்றம். கூட்டமெல்லாம் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. "இடப்பக்கம் திரும்புங்கள். இடைமாற்ற மேசை அங்கே இருக்கிறது. கதவு நமக்கு உரியதன்று, தவறு என்னுடையது" என்று சொன்னேன். "தவறைப் பிறகு பார்ப்போம், இடப்பக்கம்தானே?" என்று கேட்டுக்கொண்டே அத்தை நடந்துவிட்டார்.

8.07-க்கு மேசை. அங்கே பாஸ்போர்ட் சோதனை. பிறகு பைகளை மறுபடியும் பரிசோதனைப் பெட்டிக்குள் அனுப்பும் வரிசை. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது 8.28. நடுவிலே "ச்சூ கோவ்" என்ற பச்சைப் பலகை ஒன்று என்ன என்று கேட்டு ஒரு படம் வந்தது. "ச்சூ" வெளியே போதல்; "கோவ்" வாய். வெளிவாயில். "அந்தப் பக்கம் போகவேண்டாம்" என்று அனுப்பினேன்.

இந்தக் "கோவ்" என்ற எழுத்து, பயணம் செய்வோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளத்தக்கது. ஒரு சிறு சதுரம், அவ்வளவே. திறந்த வாயின் படம். வெளியே செல்லும் வாய் "ச்சூ கோவ்". உள்ளே நுழையும் வாய் "ரூ கோவ்". விமானமேறும் வாய் "டெங் ஜி கோவ்": "டெங்" ஏறுதல், "ஜி" பொறி, "கோவ்" வாய். பறக்கும் பொறி என்ற முழுப்பெயரில் பறத்தலை விட்டுவிட்டுப் பொறியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கதவை வாய் என்பது நமக்கும் புதிதன்று. நாமும் வாயில் என்றுதானே சொல்கிறோம்! சதுரம் கண்ட இடத்தில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னுள்ள எழுத்துதான் எதற்கான வழி என்பதைச் சொல்லும். சதுரத்தை மட்டும் பார்த்து ஓடினால் நாட்டை விட்டே வெளியேறும் வரிசையிலும் போய் நிற்கலாம்.

டில்லியில் கொடுத்த போர்டிங் பாஸில் இரண்டாவது விமானத்துக்கு வாயில் எண் அச்சிடப்படவில்லை. சோதனை முடிந்த இடத்திலிருந்த மின்பலகையில் 112 என்று பார்த்துக்கொண்டு அத்தை அங்கே போய்ச் சேர்ந்தார். 8.33. வாயிலில் விமானமுமில்லை, வரிசையுமில்லை. ஒரு நிறுத்துபலகையில் கண்ணாடித்தாள் உறைக்குள் ஒரு காகிதம் இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினார்.

இதுதான் அன்றைய தேர்வின் கடைசி வினா. காகிதத்தில் இரண்டு வரிகள். இரண்டிலும் ஒரு விமான எண், அதன்பின் "112" என்றும் வேறொரு வாயில் எண்ணும். மேல்வரியில் 112, 105. கீழ்வரியில் 112, 128. முதலில் பார்க்கவேண்டியது வாயில் எண்ணை அன்று, விமான எண்ணை. ஒரே நிறுவனத்தின் விமான எண்கள் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருப்பதுண்டு. கடைசி இலக்கத்தில் மட்டுமே வேறுபடுவதும் உண்டு. அத்தையின் விமான எண் 5-இல் முடிவது. மேல்வரியில் இருந்தது 3-இல் முடிந்தது. ஆகவே நமக்குரியது கீழ்வரி. இதைப் பார்க்காமல் முதல்வரியைப் படித்திருந்தால் 105-க்கு அனுப்பியிருப்பேன்.

அடுத்தது: 112-லிருந்து 128-க்கா, 128-லிருந்து 112-க்கா? 112-இல் அறிவிப்பு நிற்பதால் அது பழைய வாயிலாகத்தான் இருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். எப்போதும் அப்படியன்று. வாயில் மாறும்போது பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒரே காகிதத்தை வைப்பதுண்டு. ஊகிக்கக்கூடாது, படிக்கவேண்டும். சீனத்தில் அந்த வரி இப்படி இருக்கும்: "யோவ் 112 பியென்கெங் வெய் 128." நம் ஊர்ச் சண்டையில் கேட்கும் "யோவ்" அன்று இது, நம் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமை உருபு, அதாவது "இலிருந்து". "பியென்கெங்" என்றால் மாறுதல். "வெய்" என்றால் ஆக. 112-லிருந்து 128 ஆக மாறியது.

இங்கே தமிழனுக்கு ஒரு வழுக்கல் இருக்கிறது. நாம் உருபைச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறோம்: 112-லிருந்து, 128-க்கு. சீனம் முன்னால் வைக்கிறது. ஆகையால் ஓர் எண்ணின் கதியை அறிய அதன் இடப்பக்கத்து எழுத்தைப் பார்க்கவேண்டும். நம் கண்ணோ பழக்கத்தால் வலப்பக்கத்தைப் பார்க்கிறது. அன்று அத்தையின் படத்தில் கூரைவிளக்கின் ஒளி உறையில் பட்டுப் பளிச்சிட்டது. 112-க்கு இடப்பக்கம் இருக்கவேண்டிய "யோவ்" வெள்ளொளியில் மறைந்துவிட்டது. நல்லவேளையாக "வெய்" தெரிந்தது. அது 128-க்கு உடனே முன்னால் இருந்தது. எது "வெய்"யை அடுத்து வருகிறதோ அதுவே புதிய வாயில். இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும். கையால் எழுதும் பலகைகளில் இத்தொடரைச் சுருக்கி, பழைய எண்ணுக்கு முன் "யுவான்" என்றும் புதிய எண்ணுக்கு முன் "ஷியென்" என்றும் எழுதுவார்கள். முன்னது "முதலில் இருந்தது". பின்னது "இப்போது உள்ளது". அங்கேயும் எழுத்து எண்ணின் இடப்பக்கமே.

அந்தக் காகிதத்தில் இன்னும் சில சொற்கள் இருந்தன. விமானம் பிந்தி வந்த காரணத்தால் என்று தொடங்கி, வாயில் மாற்றத்தைச் சொல்லி, பயணிகள் 128-ஆம் வாயிலுக்குச் சென்று ஏறும்படி வேண்டி, இடையூறுக்குப் பொறுத்தருளக் கேட்டு முடிந்தது. பண்புள்ள அறிவிப்புதான். ஆனால் காரணம் முதலிலும் கட்டளை பின்னாலும் வருகிறது. நம் தமிழிலும் வினை கடைசியில்தான் வரும். ஆகவே அழகாக மொழிபெயர்த்தால் தேவையான சொல் இறுதியில் போய்விடும். ஓடுகிறவர் வாக்கியத்தின் முடிவுவரை படிக்கமாட்டார். நான் அனுப்பியது இதுதான்: "128. போங்கள் 128-க்கு. நம் விமானம்தான், எண் ஒத்துப்பார்த்துவிட்டேன்." காரணத்தையும் மன்னிப்பையும் விட்டுவிட்டேன். மாலையில் அத்தை விரும்பினால் சொல்லிக்கொள்ளலாம். விட்டதைப் பிழையென்று எண்ணவில்லை. வைத்ததில் ஓர் எண் தவறியிருந்தால் அதுவே பிழை.

8.39-க்குக் கடைசிப் படம். நடைபாதையிலுள்ள மின்பலகை. படத்தின் குறுக்கே கரும்பட்டைகள். பாதி வரிகள் காணவில்லை. "பலகை கெட்டிருக்கிறது போலிருக்கிறது" என்று அத்தை எழுதியிருந்தார். பலகை கெடவில்லை. அவ்வகைப் பலகையின் சிறு விளக்குகள் எல்லாம் ஒரே கணத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மிக விரைவில் எரிந்து அணைகின்றன. நம் கண் அவற்றைச் சேர்த்துப் பார்த்துவிடும். கைப்பேசியின் கண்ணோ ஒரு நொடியின் சிறு துணுக்கில் படத்தைப் பிடிப்பதால், அத்துணுக்கில் அணைந்திருந்த வரிசைகள் கருப்பாக விழுகின்றன. இதற்கு மருந்து எளிது: அதே இடத்தில் நின்று சிறு இடைவெளிவிட்டு இரண்டு மூன்று படம் எடுக்கவேண்டும். கரும்பட்டை ஒவ்வொன்றிலும் வேறிடத்தில் விழும். ஒன்றில் மறைந்தது மற்றொன்றில் தெரியும். பலகை ஆங்கிலத்துக்கு மாறும் முறையும் அதற்குள் வந்துவிடலாம்.

இரண்டாம் படத்தில் எங்கள் வரி தெரிந்தது. 128, அதன் எதிரே "ச்சுய் ட்சூ டெங் ஜி". "டெங் ஜி" மட்டும் இருந்தால் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள், சற்று மூச்சுவிடலாம். "ச்சுய் ட்சூ" என்றால் விரைவுபடுத்துதல். விரைவுபடுத்தி ஏற்றுகிறார்கள், அதாவது கடைசி அழைப்பு. அடுத்த முறை அந்த இடத்தில் எழுத்து மாறினால் அது "முடிந்தது" என்றுதான் மாறும். "ஓடுங்கள்" என்று ஒரே சொல் எழுதினேன். நான்கு எழுத்துக்கு அதைவிட நேரான மொழிபெயர்ப்பு எனக்கு இன்றும் தோன்றவில்லை.

பிறகு ஆறு நிமிடம் ஒன்றும் வரவில்லை. 8.46-க்கு ஒரு படம் வந்தது: விமானத்து இருக்கையின் முதுகு. எழுத்தே இல்லை. மொழிபெயர்க்க ஒன்றுமில்லாத அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. பதினொரு நிமிடத்தை நான் வீணாக்கியிராவிட்டால் அத்தை 8.35-க்கே உட்கார்ந்திருப்பார்; அந்தப் பதினொன்றோடு இன்னும் ஐந்து நிமிடம் சேர்ந்திருந்தால் வாயில் மூடியிருக்கும்.

விடுமுறையில் உங்கள் வீட்டாரும் இவ்வாறு வேற்றுமொழி நாட்டின் வழியே போகக்கூடும். அங்கிருந்து உங்களுக்கும் படம் வரக்கூடும். அவர்களிடம் புறப்படுமுன் சொல்லவேண்டியவை அதிகமில்லை. பலகை முழுதும் அதன் அம்புக்குறியும் அது மாட்டியிருக்கும் சுவரும் தெரியும்படி ஒரு படம்; எழுத்து மட்டும் அருகில் ஒரு படம். செய்தியாக அனுப்பும்போது படம் சுருங்கிப் பொடி எழுத்து கலங்கிவிடும் என்பதால்தான் இரண்டு. கண்ணாடியோ உறையோ பளிச்சிட்டால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து எடுக்கவேண்டும். சீனத்தின் வழியே போகிறவர் நம் நாட்டுச் சிம்மிலேயே வெளிநாட்டு இணைப்பு வாங்கிக்கொள்வது நல்லது. அந்த இணைப்பு நம் நாட்டு வலையின் வழியாகவே வருவதால் நம் செய்திச் செயலிகள் அதில் இயங்கும். அவற்றுட் பல அங்குள்ள விமான நிலைய வைஃபையில் இயங்குவதில்லை. மொழிபெயர்க்கும் நீங்கள் விமான எண்ணையும் வாயில் மூடும் நேரத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் பொருள் தெரிந்தாலும், அது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது தெரியாதவரை விடை அனுப்பாதீர்கள். "பொறுங்கள், இன்னொரு படம்" என்பதும் ஒரு விடையே. அதற்கு அரை நிமிடம் ஆகும். எனக்கானதுபோல் பதினொரு நிமிடம் ஆகாது.

அத்தை போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பேரன் பிறந்தான். நலம் விசாரிக்கக் கூப்பிட்டபோது, "ராசா, அந்த விமானம் மாறுவதற்குச் சீனத்தில் என்ன பேர்?" என்று கேட்டார். "ஜுவான் ஜி" என்றேன். அதே இரண்டு எழுத்துகளுக்கு அகராதியில் இன்னொரு பொருளும் உண்டு: நிலைமை நல்லதை நோக்கித் திரும்புதல். அதையும் சொன்னேன். அத்தை சற்று யோசித்துவிட்டு, "அது எந்தக் கதவில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்றார்.